‘அப்பாதானே அழைத்துப் போயிருக்கிறார்?’: ஆட்கொணர்வு மனு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வழக்குகளோடு காலம் தள்ளுகிற ஒரு வழக்கறிஞரின் மேசைக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள் என்பதால் ‘கணவர் குழந்தையை அழைத்துப் போய்விட்டார்’ என்றே பல இடங்களில் வரும். மனைவி அழைத்துப் போயிருந்தாலும் வழி இதுதான்.

சனிக்கிழமை குழந்தையைப் பார்க்க வந்தவர், கடைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிப் போனார். திரும்பவில்லை. போலீஸில் சொன்னால் ‘அப்பாதானே அழைத்துப் போயிருக்கிறார், இதில் என்ன புகார்?’ என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பாதி சரி. கடத்தல் என்ற குற்றம், சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து குழந்தையைக் கொண்டுபோவது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 137வது பிரிவு அதைச் சொல்கிறது. தந்தையே இயற்கைப் பாதுகாவலராக இருக்கும்போது, நீதிமன்ற உத்தரவு ஏதும் அவரைத் தடுக்காத நிலையில், அவர்மீது கடத்தல் வழக்கு பெரும்பாலும் நிற்காது. அந்த மட்டில் காவலர் சொன்னது உண்மை.

ஆனால் குற்றவழக்கு நிற்காது என்பதால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று பொருளில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 226வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். அங்கே கேள்வி ‘அவர் குற்றவாளியா?’ என்பதல்ல. ‘இந்தக் குழந்தை இப்போது இருக்கும் இடத்தில் இருப்பது முறையா, அதன் நலனுக்கு உகந்ததா?’ என்பதுதான்.

எப்படியும் புகாரை எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காகிதத்தால் போலீஸ் அசையாமல் போகலாம். ஆனால் எந்தத் தேதியில் குழந்தை போனது, எந்தத் தேதியில் நீங்கள் கத்தினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெற்ற தகப்பனிடம் இருக்கும் குழந்தையை ‘சட்டவிரோதக் காவலில்’ இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? மனுவை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட மாட்டார்களா?

இந்த வாதத்தை எதிர்த்தரப்பு கட்டாயம் வைக்கும். இதற்கு உச்ச நீதிமன்றம் 2019 மே மாதத்தில் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. எஸ்.சி.சி. என்ற தீர்ப்புத் தொகுப்பில் (2019) 7 எஸ்.சி.சி. 42 என்று வெளியான தீர்ப்பு. பெற்றோரில் ஒருவரோ வேறு யாரோ குழந்தையை வைத்திருப்பது சட்ட அதிகாரமற்றது என்று காட்ட முடிந்தால் ஆட்கொணர்வு மனு நிலைக்கும். சாட்சிகளை விரிவாக விசாரித்துத்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலை இருந்தால் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லலாம். 2020 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பும், (2020) 3 எஸ்.சி.சி. 67, பெற்றோரில் ஒருவரிடம் குழந்தை இருக்கிறது என்பதாலேயே மனுவைத் தள்ள முடியாது என்கிறது.

ஆகவே மனுவின் உயிர் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது: பத்து நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய காகிதங்களைக் கொண்டே விஷயம் விளங்க வேண்டும். ‘குழந்தை பிறந்ததிலிருந்து இன்ன தேதிவரை என்னோடு இருந்தது, இன்ன தேதியில் என் சம்மதமின்றி எடுத்துச் செல்லப்பட்டது’ என்பது சிக்கலின்றித் தெரிந்தால் நீதிபதிகள் கேட்பார்கள். வரதட்சணை, மாமியார் பேசியது, நகை அடகு வைத்தது என்று முப்பது பக்கம் போனால், ‘இது குடும்ப நல நீதிமன்றத்தில் பேச வேண்டியது’ என்று அவர்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அழுகையைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள் என்று என்னிடம் வருபவர்களிடம் சொல்வேன். கடுமையாகத்தான் கேட்கிறது, ஆனாலும் சொல்வேன்.

மனு எப்படி இருக்கும்? முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை என்ன நடக்கும் என்று ஒரு எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் பெற்றோர் வீட்டில் எட்டு மாதமாக இருக்கும் தாய். பெயர் மலர் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு மூன்றரை வயது. பிரிந்து வாழும் கணவர் ஒரு சனிக்கிழமை வந்து குழந்தையை அழைத்துப் போகிறார். இரவு ஏழு மணிக்குச் செல்பேசி அணைந்துவிடுகிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள அவருடைய ஊரில் விசாரித்தால் வீடு பூட்டியிருக்கிறது.

அன்றிரவே மலர் புகார் கொடுத்து ரசீது வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமையைக் காகிதம் சேர்ப்பதில் செலவிடுகிறார். பிறப்புச் சான்றிதழ். எட்டு மாதமாகக் கும்பகோணத்தில் தடுப்பூசி போட்டதைக் காட்டும் அட்டை. மழலையர் பள்ளியில் கட்டணம் கட்டிய ரசீதுகள். ‘பாப்பாவை எப்போது கொண்டுவந்து விடுவீர்கள்?’ என்று இவர் அனுப்பி, பதில் வராத குறுஞ்செய்திகளின் படப்பிரதி. இவற்றில் தடுப்பூசி அட்டைக்கு இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரியாது. தேதியும் ஊரும் அதில் செவிலியரின் கையெழுத்தோடு இருக்கும். வழக்குக்காகத் தயாரித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை மனு தயார். மலர் மனுதாரர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் காவல் ஆய்வாளரும் முதல் எதிர்மனுதாரர்கள். கணவரும், குழந்தையை வைத்திருப்பதாகச் சந்தேகிக்கும் அவருடைய தாயாரும் அடுத்தவர்கள். கூடவே மலரின் பிரமாணப் பத்திரம். கடைசியில் கோரிக்கை ஒரே வாக்கியம்: ‘சட்டவிரோதமாக வைக்கப்பட்டிருக்கும் என் மைனர் மகளை எதிர்மனுதாரர்கள் மாண்பமை நீதிமன்றத்தின் முன் ஆஜர்படுத்தி, என்னிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும்.’ காகிதத்தில் குழந்தைக்கு ‘டிடெனு’ என்று பெயர், அதாவது தடுத்து வைக்கப்பட்டவர். குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவருக்கும், இன்னும் ‘ழ’ சொல்ல வராத மூன்றரை வயதுக் குழந்தைக்கும் நீதிமன்றப் பட்டியலில் ஒரே பட்டம்தான்.

பதிவகம் பிழை பார்த்து எண் கொடுத்ததும் வழக்கு இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் பட்டியலிடப்படும். குழந்தைக்கு ஆபத்து, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் அச்சம் போன்ற காரணம் இருந்தால் வழக்கறிஞர் காலையிலேயே எழுந்து அவசர முறையீடு செய்வார். முதல் நாளில் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: அரசு வழக்கறிஞர் காவல் துறைக்காக நோட்டீஸ் பெற்றுக்கொள்வார், குழந்தையைக் கண்டுபிடித்து இன்ன தேதியில் ஆஜர்படுத்துங்கள் என்று நீதிபதிகள் சொல்வார்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் மாறுகிறது. முந்தின வாரம் ‘அப்பாதானே’ என்ற அதே காவல் நிலையம், இப்போது தனிப்படை அமைத்து உறவினர் வீடுகளுக்குப் போகும். உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டியது அவர்கள் அல்லவா!

குறித்த நாளில் கணவர் குழந்தையோடு வருகிறார். நீதிபதிகள் இருவரிடமும் பேசுகிறார்கள். ‘இவள் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பாட்டிதான் பார்க்கிறாள்’ என்கிறார் கணவர். இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956, பிரிவு 6, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எட்டு மாதம் குழந்தை எங்கே இருந்தது என்பதில் தகராறே இல்லை. தாய் வேலைக்குப் போவது குறை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குழந்தையை மலரிடம் ஒப்படைக்கவும், ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தை வந்து பார்க்கவும், நிரந்தரப் பொறுப்பு யாருக்கு என்பதைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளவும் உத்தரவாகிறது.

இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. ஆட்கொணர்வு மனுவில் கிடைப்பது, குழந்தையைப் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது மட்டுமே. வளர்ப்புரிமை வழக்கை அதன் பிறகு பாதுகாவலர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், 1890ன்கீழ் தனியாக நடத்த வேண்டும். வழக்கறிஞர்கள் ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’ என்பது அதைத்தான். மலரின் கணவர் அடுத்த மாதமே அதைத் தாக்கல் செய்தால் வியப்படைய வேண்டாம். அது அவர் உரிமை.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன், அவர் ஊர் சிதம்பரம் பக்கம். மதுரையிலா, சென்னையிலா எங்கே போட வேண்டும்?

தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லையில் வரும். கடலூர் மாவட்டம் சென்னையின் எல்லை. வழக்குக்கான காரணம் முழுவதுமாகவோ பகுதியாகவோ எங்கே எழுந்ததோ அங்கே போடலாம் என்பதால், குழந்தை எடுக்கப்பட்ட இடத்தை வைத்து மதுரையே பொருத்தம். மதுரையில் போட்டால் வழக்கு எண் `HCP(MD)` என்று தொடங்கும்; உயர் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு நிலையைத் தேட அது போதும். இரண்டு இடத்திலும் போட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் அன்றோடு உங்கள் மனு முடிந்தது.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். இப்போது மனு போட்டால் எடுபடுமா?

போடலாம், காலக்கெடு என்று ஒன்று சட்டத்தில் இல்லை. ஆனால் பலம் குறைந்திருக்கும். மூன்று மாதத்தில் குழந்தை அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு விளையாடிப் பழகியிருக்கும். இப்போது அதை அங்கிருந்து பிடுங்குவது குழந்தைக்கு நல்லதா என்ற கேள்வி நியாயமானதுதான். குழந்தையை எடுத்துச் சென்றவருக்கும் இது தெரியும். பேச்சுவார்த்தையை அடுத்த அமாவாசைக்கும் அதற்கடுத்த முகூர்த்தத்துக்கும் தள்ளிக்கொண்டே போவதில் ஒரு கணக்கு இருக்கலாம்.

பெரியவர்கள் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பேசட்டும். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ‘இன்று மாமா வீட்டில் பேசினோம், பத்தாம் தேதி குழந்தையைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னீர்கள்’ என்று கணவருக்கு ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். தாமதம் ஏன் என்று நீதிபதி கேட்டால் காட்ட அது இருக்கும். என் கணக்கில் பத்து நாள் பேச்சுக்கு, அதன்பின் மனுவுக்கு.

என் மகனுக்கு ஒன்பது வயது. நீதிமன்றத்தில் ‘அம்மாவோடு வர மாட்டேன்’ என்று சொல்லிவிட்டால்?

சொல்லக்கூடும். நான்கு வாரமாக ஒரு தரப்பை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? நீதிபதிகள் இதை அறியாதவர்கள் அல்லர். பெரும்பாலும் குழந்தையை அறைக்கு அழைத்து, இரண்டு பக்கத்து வழக்கறிஞரும் இல்லாமல் பேசுவார்கள். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17வது பிரிவும் சொல்கிறது. ஆனால் விருப்பம் என்பது பல காரணங்களில் ஒன்று, அதுவே தீர்ப்பாகிவிடாது.

சொல்லிக்கொடுத்த பேச்சுக்கு ஒரு அடையாளம் உண்டு: பிள்ளை பெரியவர்களின் சொற்களைப் பயன்படுத்தும். ‘அம்மா என்னை மனரீதியாகத் துன்புறுத்தினார்’ என்று எந்த ஒன்பது வயதுச் சிறுவனும் தானாகப் பேச மாட்டான். ‘அம்மா கணக்குப் பாடத்துக்கு அடிப்பாங்க’ என்பான். அது உண்மையாகவும் இருக்கலாம். இப்படி நின்றால் உடனடி ஒப்படைப்புக்குப் பதிலாக, சில வாரங்கள் சந்திப்பு, சமரச மையத்தில் பேச்சு என்று உத்தரவு வரக்கூடும். அதைத் தோல்வியாக எண்ணிச் சந்திப்புக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் குறித்துக்கொள்ளும்.

குடும்ப நல நீதிமன்றம் ஏற்கெனவே குழந்தையை என்னிடம் கொடுத்து உத்தரவிட்டிருக்கிறது. கோடை விடுமுறைக்கு அழைத்துப் போனவர் திருப்பி விடவில்லை. இதுவும் அதே மனுவா?

அதே மனு, ஆனால் பல மடங்கு வலுவானது. உத்தரவு சொல்லும் தேதிக்குப் பிறகு அவர் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அதிகாரமற்றது என்பதை நிரூபிக்க உத்தரவின் சான்றிட்ட நகலே போதும். நீதிமன்ற அவமதிப்பு, உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனு ஆகியவையும் உண்டு. அவை மெதுவாக நகரும். மேலே முதல் பதிலில் சொன்ன கடத்தல் குற்றமும் இந்த நிலையில்தான் பேசக்கூடியதாகிறது.

உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் தேடுதல் வாரண்ட் வாங்கினால் சீக்கிரம் முடியும் என்கிறார்களே?

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 97வது பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 100வது பிரிவாக இருப்பதைச் சொல்கிறார்கள். அடைத்து வைத்திருப்பதே குற்றமாக இருந்தால்தான் அந்த வாரண்ட் எழும். தந்தையோடு இருக்கும் மகனுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே சொல்லிவிட்டது. அந்த வழியில் ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21வது பிரிவில் தற்காலிகப் பொறுப்பு கேட்பது வேறு. வன்முறைப் புகார் ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் அது பயனுள்ள வழி.

அவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். குழந்தையையும் கொண்டுபோய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.

அப்படியென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். மனுவோடு சேர்த்து, குழந்தையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்றும், குழந்தையின் கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும், குடிவரவு அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்றும் இடைக்கால உத்தரவு கேளுங்கள். கடவுச்சீட்டு எண் தெரிந்தால் எழுதுங்கள். விமான டிக்கெட் பற்றிய பேச்சோ, விசா விண்ணப்பமோ இருந்தால் அதன் ஆதாரத்தை இணையுங்கள். ஆதாரமில்லாத அச்சத்துக்கு இந்த உத்தரவு எளிதில் கிடைக்காது.

விமானம் ஏறிவிட்டால் கதை வேறு. கடத்தப்பட்ட குழந்தைகளை நாடுகள் தமக்குள் திருப்பி அனுப்பிக்கொள்ள 1980இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே அந்த வழியில் கேட்க முடியாது. அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்காட வேண்டியிருக்கும்.

தலைகீழாகவும் நடக்கிறது: வெளிநாட்டில் வளர்ந்த குழந்தையை ஒருவர் இங்கே கொண்டுவந்துவிடுகிறார். அங்குள்ள நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தாலும் இங்கே அது கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்றப்படாது. குழந்தையின் நலனே முதன்மை, அந்த உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது, (2017) 8 எஸ்.சி.சி. 454. அதற்காக வெளிநாட்டுப் பெற்றோர் எப்போதும் தோற்பார் என்று நினைக்க வேண்டாம். 2022இல், பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கக் குடியுரிமை உள்ள சிறுவனை அங்கேயே திருப்பி அனுப்ப அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

நாங்கள் இஸ்லாமியர்கள். நீங்கள் சொல்லும் ஐந்து வயது விதி எங்களுக்கும் உண்டா?

அந்தப் பிரிவு இந்துக்களுக்கானது. ஹனஃபி மரபில் மகனுக்கு ஏழு வயது வரையும், மகளுக்குப் பருவமடையும் வரையும் வளர்க்கும் உரிமை தாய்க்கு. ஆட்கொணர்வு மனு எல்லா மதத்தினருக்கும் பொது. எந்தத் தனிச்சட்டமானாலும் குழந்தையின் நலனே அதற்கு மேலே நிற்கும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை.

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987, பிரிவு 12ன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். ஆண்கள் என்றால் பெரும்பாலும் வருமான வரம்பு பார்ப்பார்கள்.

நானே தம்பிகளோடு போய்க் குழந்தையைத் தூக்கிவந்துவிட்டால் என்ன?

வேண்டாம். வாசலில் நடக்கும் கைகலப்பில் உங்கள் தம்பிமேல் வழக்கு வரும். அடுத்த வாரம் ஆட்கொணர்வு மனு போடுவது அவராக இருக்கும், எதிர்மனுதாரர் நீங்களாக இருப்பீர்கள். இரண்டு பக்கமும் இழுத்த குழந்தையைப் பார்க்கும் நீதிபதிக்கு யார் முதலில் இழுத்தார் என்பது அப்போது பெரிதாகத் தெரியாது.

நாளை மறுநாள் குழந்தையை ஆஜர்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

அசல் ஆவணங்கள், உங்கள் ஆதார் அட்டை. உத்தரவில் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே ஒரு பட்டியலும் கொடுங்கள்: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு, மாத்திரைச் சீட்டு, புதுப் பள்ளியில் சேர்த்திருந்தால் மாற்றுச் சான்றிதழ். குழந்தை கைக்கு வந்த மகிழ்ச்சியில் இவற்றைக் கேட்க மறந்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி மனு போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வழக்கு எப்போது அழைக்கப்படும் என்று சொல்ல முடியாது. காலை பத்தரைக்குப் போனால் மாலைகூட ஆகலாம். தாழ்வாரத்தில் அவருடைய வீட்டார் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களோடு பேச்சு வளர்க்காதீர்கள். குழந்தை உங்களைக் கண்டதும் ஓடி வரலாம், பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரும்பியும் நிற்கலாம். திரும்பி நின்றால் இழுக்காதீர்கள். அது எப்போதும் குடிக்கும் பால் புட்டியோ, பிஸ்கட் பொட்டலமோ, கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையோ பையில் இருக்கட்டும். மாற்றுடை ஒன்றும் வேண்டும். திரும்பும் பஸ் பயணம் நீளமானது.